பேஜ் ஃபால்ட் விகிதம்: எதற்கு எத்தனை?

ஒரு நினைவக அணுகலுக்குச் சராசரியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கும் தேர்வு வினா இது. அண்மையில் பயன்பட்ட பக்கங்களின் முகவரிகளை வைத்திருக்கும் டிஎல்பி என்ற சிறு விரைவு நினைவகத்தில் தேடலுக்கு 10 நானோநொடி, நினைவக அணுகலுக்கு 100 நானோநொடி, ஹிட் விகிதம் 90%, ஒற்றை நிலைப் பக்க அட்டவணை என்று கொண்டால், பேஜ் ஃபால்ட், அதாவது தேவையான பக்கம் நினைவகத்தில் இல்லாத நிலை, நேராதபோது சராசரி நேரம் இவ்வாறு அமையும்:

`0.9 × 110 + 0.1 × 210 = 120 ns`

ஒரு பேஜ் ஃபால்ட்டைக் கையாளக் கூடுதலாக 8 மில்லிநொடி ஆகும். அதன் விகிதம் 1,00,000-க்கு 1. இந்த விகிதம் எல்லா அணுகல்களுக்கும் உரியதா, டிஎல்பியில் தேடியது கிடைக்காத மிஸ்களுக்கு மட்டும் உரியதா என்பதில்தான் விடை பிரிகிறது.

எல்லா அணுகல்களுக்கும் எனில் 80 நானோநொடி கூடி 200 ஆகும். மிஸ்களுக்கு மட்டும் எனில் 0.1-ஆல் பெருக்க வேண்டியிருப்பதால் 8 மட்டுமே கூடி 128 ஆகும்.

டிஎல்பியில் கிடைத்த பக்கம் நினைவகத்தில் இருப்பதால் பேஜ் ஃபால்ட் மிஸ்ஸில்தான் நேரும் என்பது உண்மையே. ஆனால் மொத்த அணுகல்களுக்கான விகிதத்தில் அது ஏற்கெனவே அடங்கியிருப்பதால், அங்கே மீண்டும் 0.1-ஆல் பெருக்குவது தவறு. வினா வேறெதுவும் சொல்லாதபோது முதல் பொருளையே நான் கொள்வேன்.