சமையல் எண்ணெயை ரேக்கில் ஏற்றாமல் அனுப்பிய ஆறு ஆண்டுகள்: கிராஸ் டாக்கிங் பற்றிய பயன்பாட்டு அனுபவம்

சென்னைக்கு வெளியே, 40 பல்பொருள் அங்காடிகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு விநியோக மையத்தில் நான் பணியாற்றுகிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, வாரம் மூன்று லோடு வரும் சமையல் எண்ணெயை ரேக்கில் ஏற்றி வைக்காமல், வந்த இரவிலேயே கடைகளுக்குப் பிரித்து அனுப்பும் முறைக்கு, அதாவது கிராஸ் டாக்கிங்குக்கு மாற்றினோம்.

ஒரு லோடில் 800 பெட்டிகள் வரும். பழைய முறையில் நான்கு பேர் அவற்றை இரண்டு மணி நேரத்தில் பேலட்டுகளில் இறக்குவார்கள்; ஃபோர்க்லிஃப்ட் அவற்றை ரேக்குக்கு ஏற்றும்; ஓரிரு நாள் கழித்து அதே ஃபோர்க்லிஃப்ட் கீழே இறக்க, ஆட்கள் கடைவாரியாக எடுத்து டாக்குக்குக் கொண்டுவருவார்கள். எடுப்பதற்கு மட்டும் இன்னும் எட்டு ஆள்மணி ஆகும். இப்போது லாரியிலிருந்து இறங்கும் பெட்டி நேராக அந்தந்தக் கடைக்குத் தரையில் குறித்துவைத்த இடத்துக்குப் போகிறது. கடை பார்த்துப் பிரிப்பதால் அதே நான்கு பேருக்கு இறக்குவதற்கே மூன்று மணி நேரம் ஆகிறது என்பதைப் பார்த்து, முதல் மாதத்தில் இந்த முறை தோற்றுவிட்டது என்று நாங்களே நினைத்தோம். இறக்கும் நேரத்தை மட்டும் அளந்தால் அப்படித்தான் தோன்றும். முழு வேலையையும் கூட்டினால் 16 ஆள்மணி 12 ஆகக் குறைந்திருந்தது. ஃபோர்க்லிஃப்டின் வேலையும் மிச்சம். கூலியைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, எண்ணெய்க்காக ஒதுக்கியிருந்த ரேக் இடம் மற்ற சரக்குகளுக்குக் கிடைத்ததுதான்.

ஆனால் இந்த லாபம் லாரி வரும் நேரத்தைப் பொறுத்தே நிற்கிறது. எங்கள் கடை வண்டிகள் இரவு 10 மணிக்குக் கிளம்பத் தொடங்கும். எண்ணெய் லாரி மாலை 6 மணிக்குள் வந்தால் 9 மணிக்குப் பிரித்து முடித்துவிடலாம். 7 மணிக்குப் பிறகு வரும் லாரிக்காக நாங்கள் காத்திருப்பதில்லை, ஏனெனில் ஒரு பொருளுக்காகக் காத்திருந்தால் காய்கறியும் பாலும் ஏற்றிய வண்டிகளும் தாமதமாகும். அப்படித் தவறிய லோடு ரேக்குக்குத்தான் போகும். எண்ணெய் தீர்ந்த கடைகளுக்கு மறுநாள் தனி வண்டி அனுப்ப வேண்டும். எங்கள் கணக்கில் ஒரு தவறிய லோடின் செலவு, சரியாக வந்த ஐந்து லோடுகளின் கூலிச் சேமிப்பை விழுங்கியது. ஆகவே இரண்டு மாதப் பதிவைப் பார்த்து, பத்தில் ஒன்பது முறையாவது நேரத்துக்கு வரும் அனுப்புநரின் சரக்கை மட்டுமே இந்த முறையில் சேர்க்கிறோம். பதிவேட்டை மட்டும் நம்பாமல், இரவு 10 மணிக்குத் தரையில் மிஞ்சியிருக்கும் பெட்டிகளையும் எண்ணுகிறேன். அந்த எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறினால் எங்கோ ஒரு அனுப்புநர் தளர்ந்துவிட்டார் என்று பொருள்.

எங்களைக் கடுமையாகப் பாதித்தது தாமதம் அல்ல, குறைவாக வந்த லோடு. ஒருமுறை 800 பெட்டிகளுக்குப் பதில் 640 மட்டுமே வந்தன. ஆட்கள் பட்டியல் வரிசைப்படி ஒவ்வொரு கடைக்கும் 20 பெட்டிகள் வைத்துக்கொண்டே போக, முதல் 32 கடைகளுக்கு முழுமையாகவும் கடைசி எட்டுக் கடைகளுக்கு ஒன்றுமே இல்லாமலும் போயிற்று. ரேக்கில் இருப்பு இருந்திருந்தால் இந்தக் குறை அங்கேயே அடங்கியிருக்கும். கிராஸ் டாக்கிங்கில் நேராகக் கடைவாசலில் போய் நின்றது. அதன் பிறகு, லாரி கிளம்பும்போதே பில் நகலை அனுப்ப வேண்டும் என்று அனுப்புநரிடம் ஏற்பாடு செய்தோம். எண்ணிக்கை முன்கூட்டியே தெரிவதால், முதல் பெட்டி இறங்குவதற்கு முன்பே எல்லாக் கடைகளின் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைத்துவிடுகிறோம். அன்றைய 640 பெட்டிகளை அப்படிப் பிரித்திருந்தால் கடைக்கு 16 வீதம் எல்லோருக்கும் கிடைத்திருக்கும்.

பெட்டியை உடைக்க வேண்டிய சரக்குக்கு இந்த முறை ஒத்துவராது. மசாலாப் பொடியில் ஒரு கடை மூன்று பாக்கெட் கேட்டால், டாக்கில் நின்றுகொண்டு பெட்டியைப் பிரிக்க முடியாது. அதை ரேக்கில் வைத்து எடுத்துக் கொடுப்பதே சரி.

எண்ணெயிலும் ஆண்டு முழுவதும் ஒரே முறையைப் பிடித்துக்கொள்வதில்லை. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் கடைகள் எவ்வளவு கேட்கும் என்பதை முந்தைய நாளே உறுதியாகச் சொல்ல முடிவதில்லை, லாரிகளும் நேரம் தவறுகின்றன. அந்த மூன்று வாரங்களுக்கு எண்ணெய் மீண்டும் ரேக்குக்குப் போகிறது. பண்டிகை முடிந்த மறு வாரம் தரைக் குறிகளை மறுபடி வரைகிறோம்.