கெடு தேதியா, மாதப் பங்கா? பில்களை வைத்து வீட்டு பட்ஜெட்

தண்ணீர், கேஸ், பிராட்பேண்ட் பில்களின் பிடிஎஃப்பிலிருந்து தொகையையும் கெடு தேதியையும் எடுத்து ஷீட்டில் போட்டாகிவிட்டது. அப்புறம் அவற்றை எந்த மாதத்துக் கணக்கில் எழுதுவது? கட்டும் மாதத்திலேயே முழுத் தொகையையும் எழுதலாம். அல்லது பில் எத்தனை மாதத்துக்கோ அத்தனை பங்காகப் பிரித்து எழுதலாம்.

சென்னையில் ஒரு வீடு. மெட்ரோ வாட்டருக்கு அரையாண்டுக்கு 1,800 ரூபாய், குழாய் கேஸுக்கு இரண்டு மாதத்துக்கு 1,100, பிராட்பேண்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து மாதம் 825 என்று வைத்துக்கொள்வோம். கெடு தேதிப்படி எழுதினால் மூன்றும் சேரும் அக்டோபரில் 3,725 ரூபாய், நவம்பரில் வெறும் 825. பங்கு முறையில் 300, 550, 825 என எல்லா மாதமும் 1,675தான். சம்பளம் மாதாமாதம் ஒரே அளவில் வரும் வீட்டுக்கு நான் பங்கு முறையைத்தான் சொல்வேன். நவம்பரில் மிச்சமாகத் தெரியும் பணம் உண்மையில் அடுத்த பில்லுக்கு உரியது என்பதைக் கெடு தேதி முறை காட்டாது.

ஆனால் பங்கு முறை ஆரம்பத்தில் காலை வாரும். ஆகஸ்டில் தொடங்கி மாதம் 300 எடுத்து வைத்தால் அக்டோபரில் கையில் இருப்பது 900, பில்லோ 1,800. எனவே முதல் பில் வரை மீதமுள்ள மாதங்களால் வகுக்க வேண்டும்: மூன்று மாதமும் 600. அதன் பிறகு 300 போதும்.

எந்தத் தொகையை எடுக்கிறோம் என்பதும் முறைக்கு முறை மாறும். முந்தைய கேஸ் பில்லைத் தாமதமாகக் கட்டினால், புதிய பில்லின் மொத்தத்தில் அந்தப் பழைய 1,050 ரூபாயும் ஏறி 2,150 என்று நிற்கும். பங்கு போட இந்த மொத்தத்தை எடுத்தால் ஒரே கேஸுக்கு இரண்டு முறை கணக்கு வரும். நடப்புக் காலத்துக்கான 1,100தான் அதற்குச் சரி. கெடு தேதி முறைக்கு, இன்னும் கட்டாமல் நிற்கும் தொகைதான் வேண்டும். மொத்தத்திலிருந்து பழைய பாக்கியைக் கழித்தால் நடப்புத் தொகை வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கெடு தேதி முறை இன்னொரு இடத்திலும் தவறும். ஷீட்டின் லொக்கேல், அதாவது தேதியை எந்த நாட்டு வழக்கில் படிப்பது என்ற அமைப்பு, அமெரிக்காவாக இருந்தால் 05/10/2025 மே 10 ஆகிவிடும். 25/10/2025 தேதியாகவே மாறாது, எழுத்தாக நின்றுவிடும். ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் காரணம். லொக்கேலை இந்தியாவுக்கு மாற்றி, தேதிகளைத் திரும்ப உள்ளிட வேண்டும். பங்கு முறையில் இந்தப் பிழை மாதத் தொகையை மாற்றாது, ஆனால் கட்ட வேண்டிய நாளைத் தவறவிட வைக்கும். அதனால் பட்ஜெட்டைப் பங்கில் போட்டாலும் கெடு தேதிக்கு ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும்.

வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் வீட்டில் மட்டும் கெடு தேதி முறையை முன்னால் வைப்பேன். அங்கே முதல் கேள்வி, கெடு தேதியன்று கையில் காசு இருக்குமா என்பதுதான்.