இத்தாலிக்கு நாயைக் கூட்டிப் போகிறீர்களா? தடுப்பூசிப் புத்தகத்தின் 'இத்தாலிய மொழிபெயர்ப்பு'க்குப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

என் கணவருக்கு டுரினில் வேலை கிடைத்தபோது எங்கள் நாட்டு நாய் கருப்பியையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தோம். சென்னையில் விசா, சாமான் அனுப்புவது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் ஒரு ஏஜென்ட்டிடம் நாயின் காகிதங்களையும் ஒப்படைத்தோம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் செய்ததை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையை வேறு சிலரும் செய்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அவர் சொன்னது இதுதான்: "மேடம், இத்தாலிக்காரன் இங்கிலீஷ் பேப்பரைத் தொடவே மாட்டான். தடுப்பூசிப் புத்தகம், டாக்டர் சர்டிபிகேட் ரெண்டையும் இத்தாலியன்ல மொழிபெயர்த்து, நோட்டரி போட்டு, அப்போஸ்டில் வாங்கணும். மொத்தம் 38,000 ஆகும்."

கேட்பவருக்கு இது நியாயமாகவே படும். மனிதர்களின் காகிதங்களுக்கு இத்தாலியில் இந்த நடைமுறை உண்மையாகவே உண்டு. குடும்ப விசாவுக்குத் திருமணச் சான்றிதழை அப்போஸ்டில் வாங்கி, இத்தாலிய மொழிபெயர்ப்போடுதான் கொடுத்தோம். இத்தாலிக்கு உள்ளேயே மொழிபெயர்த்தால், மொழிபெயர்ப்பாளர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, நான்கு பக்கத்துக்கு ஒன்று என்று 16 யூரோ வரிவில்லை ஒட்டித் தருவார். அந்தக் கோப்போடு நாயின் புத்தகத்தையும் சேர்த்துவிட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆனால் நாய்க்கு அந்த விதியே கிடையாது. சொந்த நாயோடு ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழைய ஒன்றியமே ஒரு மாதிரிப் படிவம் வைத்திருக்கிறது. நாங்கள் போனபோது அது 577/2013 என்ற விதிமுறையின் பின்னிணைப்பில் இருந்தது. படிவம் அவ்வப்போது மாறும் என்பதால் ஐரோப்பிய ஆணையத்தின் தளத்தில் இருக்கும் புதியதையே எடுக்க வேண்டும். அது முதலில் நுழையும் நாட்டின் மொழியிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே அச்சிடப்பட்டிருக்கும். இத்தாலிக்கான படிவத்தில் ஒவ்வொரு வரியும் இரண்டு மொழியிலும் இருக்கும். கோடிட்ட இடங்களை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நிரப்பினால் போதும். மொழிபெயர்க்க அங்கே எதுவும் மிச்சமில்லை. அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் அரசுக் கால்நடை மருத்துவர். சென்னையில் அது பள்ளிக்கரணையில் இருக்கும் மத்திய அரசின் விலங்குத் தொற்றுத்தடுப்பு நிலையம், ஏ.கியூ.சி.எஸ். என்று எல்லோரும் சொல்வது. அப்போஸ்டில் என்பது ஒரு கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டும் சொல்லும். உள்ளே எழுதியிருப்பது சரியா என்று அது பார்ப்பதில்லை, நாய்க்கான விதி அதைக் கேட்பதும் இல்லை.

வீண் செலவோடு போயிருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். அந்த மொழிபெயர்ப்பைக் கருப்பியின் காகிதங்களோடு வைத்திருந்தால் அதுவே அவளைத் திருப்பி அனுப்பப் போதுமான காரணமாகியிருக்கும்.

எப்படி என்று புரிய வேண்டுமானால் தேதிகளைப் பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து போகும் நாய்க்கு வரிசை முக்கியம் (இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கும் இதேதான்). முதலில் 15 இலக்க மைக்ரோசிப். அதே நாளிலோ அதற்குப் பிறகோ வெறிநாய்க்கடித் தடுப்பூசி. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தியைச் சோதிக்க வேண்டும், மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம் கழித்துத்தான் பயணம்.

கருப்பிக்கு சிப்பும் ஊசியும் ஜூலை 4 அன்று ஒன்றாகவே போட்டோம். ஆகஸ்ட் 6 ரத்தம் எடுத்தோம். ஆக நவம்பர் 6 வரை காத்திருந்து, 14ஆம் தேதிக்கு டிக்கெட். எல்லாம் கச்சிதம். சிப் சான்றிதழில் மாதத்தின் பெயரோடு ஜூலை 4 என்று இருந்தது. தடுப்பூசிப் புத்தகத்தில் நம்மூர் வழக்கப்படி 04/07. மொழிபெயர்த்தவர் அமெரிக்க வழக்கப்படி முதல் எண்ணை மாதமாக எடுத்துக்கொண்டு ஏப்ரல் 7 என்று இத்தாலியில் எழுதிவிட்டார். அந்தக் காகிதத்தின்படி கருப்பிக்கு ஊசி ஏப்ரலில், சிப் ஜூலையில். அதாவது ஊசி செல்லாது. ஊசி செல்லாவிட்டால் ரத்தப் பரிசோதனையும் செல்லாது. ஒரு தேதியில் நான்கு மாத உழைப்பும் போயிற்று.

அதோடு நிற்கவில்லை. நம் புத்தகத்தில் ஊசி மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரை ஒட்டுவார்கள் இல்லையா, அதில் மருந்து காலாவதியாகும் தேதி இருக்கும். அதைத் 'தடுப்பூசி செல்லுபடியாகும் கடைசி நாள்' என்ற கட்டத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் டாக்டர் எழுதிய அடுத்த ஊசித் தேதி மொழிபெயர்ப்பில் எங்கேயுமே இல்லை. புட்டிக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியாதவர் செய்த வேலை. கீழே மட்டும் பெரிய வட்ட முத்திரை.

இதையெல்லாம் கண்டுபிடித்தது நாங்கள் இல்லை. கருப்பியை முன்கூட்டியே காட்டிக் காகிதங்களைக் கேட்டுவரலாம் என்று பள்ளிக்கரணைக்குப் போனபோது அங்கிருந்த மருத்துவ அதிகாரி கட்டைப் புரட்டிப் பார்த்தார். "ஏம்மா, இது யார் கொடுத்தது? இதுல நான் எங்கே கையெழுத்துப் போடுறது?" என்றார். எங்கள் தனியார் டாக்டர் அக்டோபரில் எழுதிய உடல்நலச் சான்றிதழைத்தான் ஏஜென்ட் மொழிபெயர்த்து அப்போஸ்டிலும் வாங்கியிருந்தார். உண்மையான சான்றிதழோ அரசு மருத்துவர் கையெழுத்திட்ட நாளிலிருந்து, இத்தாலியில் நுழைந்து சோதனை முடியும் வரை, 10 நாளுக்குத்தான் செல்லும். நவம்பர் 14 பயணத்துக்கு அக்டோபரில் தயாராகிவிட்ட ஒரு 'சான்றிதழ்' எப்படி இருக்க முடியும்? இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். யாராவது வாரக்கணக்கில் முன்னாலேயே எல்லாக் காகிதமும் ரெடி என்று சொன்னால், அவர் கையில் இருப்பது எல்லையில் கேட்கும் காகிதம் அல்ல.

இத்தாலிய வரிகளைப் படித்துப் பார்க்க எங்களுக்குத் தெரியாது. டுரினில் கணவரோடு வேலை செய்யும் ஒருவருக்கு ஸ்கேன் செய்து அனுப்பினோம். அவர்தான் ஏப்ரலையும் காலாவதித் தேதியையும் காட்டினார். "இதை எந்தக் காரணத்துக்காகவும் ஏர்போர்ட்டில் நீட்டாதீர்கள்" என்றும் சொன்னார்.

பிறகு வேலை எளிதாகத்தான் முடிந்தது. இத்தாலிய-ஆங்கிலப் படிவத்தை இறக்கி, மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டு நிரப்பினோம். நவம்பர் 7 அன்று ஏ.கியூ.சி.எஸ்.ஸில் கருப்பியைச் சோதித்துக் கையெழுத்திட்டார்கள். கையெழுத்தும் முத்திரையும் அச்சு நிறத்திலிருந்து வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் நீல மையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொருந்தாத வாசகங்களை அடித்தால் அந்த இடத்திலும் அதிகாரியின் சுருக்கொப்பமும் முத்திரையும் வேண்டும். தடுப்பூசிப் பக்கத்தின் நகலும் ரத்தப் பரிசோதனை அறிக்கையின் நகலும் சான்றொப்பத்தோடு பின்னால் இணைந்திருக்கும். இது வியாபாரத்துக்கான பயணம் இல்லை என்ற உரிமையாளரின் உறுதிமொழியும் உண்டு. நாங்கள் நிரப்பியதும் இணைத்த நகல்களும் எல்லாமே ஆங்கிலத்தில்தான் இருந்தன.

இன்னொரு விஷயம், இதை அந்த ஏஜென்ட் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை: எந்த ஊர் வழியாகப் போகிறீர்கள்? எங்களுக்கு வளைகுடா வழியாக நேராக மிலான் மல்பென்சா, அதனால் இத்தாலியப் படிவம். அவரிடமே போயிருந்த இன்னொரு குடும்பம் பிராங்க்பர்ட்டில் மாறி ரோமுக்குப் போவதாக இருந்தது. நாய் அவர்கள் கூடவே வருவதால் முதலில் கால் வைப்பது ஜெர்மனியில், சோதனையும் அங்கேதான். அப்படியானால் ஜெர்மன்-ஆங்கிலப் படிவம் வேண்டும். அவர்களுக்கும் இத்தாலிய மொழிபெயர்ப்பைக் கொடுத்துப் பணம் வாங்கியிருந்தார்! நல்ல வேளை, நாங்கள் போன் செய்தபோது அவர்கள் இன்னும் கிளம்பவில்லை.

மல்பென்சாவில் சுங்க அதிகாரியிடம் நாங்களாகவே போய் நாய் இருக்கிறது என்று சொன்னோம். அப்படித்தான் செய்ய வேண்டும், சத்தமில்லாமல் வெளியே நடந்துவிடக் கூடாது. சிப்பைக் கருவியால் படித்து, எண்ணைப் படிவத்தில் ஒப்பிட்டார்கள், ஊசித் தேதி, ரத்தம் எடுத்த தேதி பார்த்தார்கள், விட்டார்கள். காகிதம் சரியில்லாவிட்டால் நாயைத் திருப்பி அனுப்பலாம், உரிமையாளர் செலவில் தனிமையில் வைக்கலாம், இரண்டும் முடியாதபோது கடைசி வழியாகக் கருணைக்கொலைவரை விதியில் இடம் இருக்கிறது. 38,000 ரூபாய் போனதைவிட இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "வேலை முடிஞ்சிருச்சே மேடம், மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுத்தாச்சு" என்றார். தேதிப் பிழையைக் காட்டியதற்கு, புத்தகத்தில் எழுதிய டாக்டர்மேல் பழியைப் போட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு பாதித் தொகை வந்தது. அதற்கு உதவியது ரசீதில் 'பயணத்துக்குக் கட்டாயமான மொழிபெயர்ப்பு' என்று அவர் கைப்பட எழுதியிருந்ததுதான். ஏஜென்ட்டிடம் போகிறவர்கள் ஒவ்வொரு தொகைக்கும் எதற்காக என்று எழுதி வாங்குங்கள்.

டுரினில் கருப்பியை நாய்ப் பதிவேட்டில் சேர்க்க ஏ.எஸ்.எல். என்னும் உள்ளூர் சுகாதார அமைப்பின் கால்நடைப் பிரிவுக்குப் போனோம். அங்கேயும் மொழிபெயர்ப்பை யாரும் கேட்கவில்லை. இப்போது அவளுக்கு ஐரோப்பியப் பாஸ்போர்ட் இருக்கிறது. அது இத்தாலியிலும் ஆங்கிலத்திலும் அச்சானது. ஆகவே ஊர் திரும்பும்போது அதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டும் என்று யாராவது விலை சொன்னால், பாஸ்போர்ட்டைத் திறந்து அந்த ஆங்கில வரிகளைக் காட்டுங்கள்.