டீசல் ரசீதில் 700 லிட்டர், தொட்டியில் ஏறியது 640: ஜெனரேட்டர் வைத்திருக்கும் காம்ப்ளெக்ஸ்காரர்கள் கவனத்துக்கு

ஜோஹன்னஸ்பர்க், மிட்ராண்ட் பக்கம் பொது ஜெனரேட்டர் உள்ள குடியிருப்புகளில் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. குடியிருப்பை நிர்வகிக்கும் பாடி கார்ப்பரேட்டில் டிரஸ்டியாக இருப்பவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். எங்கள் காம்ப்ளெக்ஸுக்கு டீசல் கொண்டுவந்தவர்கள் ஒவ்வொரு முறையும் குறைத்து ஊற்றிவிட்டு முழுக் காசு வாங்கிப் போனார்கள். கேட்டபோது, பழியைக் காவலர் தலையில் போட்டார்கள்.

2023இல் ஸ்டேஜ் 6 லோடுஷெடிங் மின்வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம். எங்களுடையது 100 கேவிஏ ஜெனரேட்டர். சராசரியாக நாளுக்கு ஏழு மணி நேரம் ஓடியது. டீசல் லிட்டர் 22 ராண்ட். குடியிருப்பின் மாத லெவியை ஏற்ற வேண்டும் என்ற பேச்சு வந்ததும், கணக்கு எழுதாமல் இனி நகர முடியாது என்று முடிவு செய்தோம். ஒரு சாதாரண நோட்டு வாங்கி ஜெனரேட்டர் அறைச் சுவரில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் ஹவர் மீட்டர் எண், தொட்டியில் குச்சி விட்டுப் பார்த்த சென்டிமீட்டர், கண்ட்ரோல் பேனலில் தெரியும் கிலோவாட்-மணி எண், எழுதியவர் கையெழுத்து. அவ்வளவுதான். பெரும்பாலும் எழுதியவர் எங்கள் காவலர், மலாவிக்காரர். ஒரு வரிகூட விட்டதில்லை.

எங்கள் தொட்டி ஜெனரேட்டருக்கு அடியிலேயே இருக்கும் செவ்வகத் தொட்டி, இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். அதனால் குச்சியில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 20 லிட்டர். படுக்கை வசத்தில் வைத்த உருளைத் தொட்டி உங்களிடம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அதில் நடுவில் ஒரு சென்டிமீட்டருக்கு அதிக லிட்டர், மேலேயும் கீழேயும் குறைவு. தொட்டி செய்தவரிடம் அளவு அட்டவணை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் முடிந்ததும் பொருளாளர் ரசீதுகளைக் கூட்டினார். 700 லிட்டர் வீதம் நான்கு முறை, மொத்தம் 2,800. ஓடிய நேரம் 213 மணி. வகுத்தால் மணிக்கு 13.1 லிட்டர். மாதத் தொடக்கத்திலும் முடிவிலும் தொட்டியில் அளவு ஒன்றுதான், ஆகவே வாங்கியது எல்லாம் செலவாகியிருக்க வேண்டும். 13.1 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் குச்சிக் கணக்கு வேறு கதை சொன்னது. ஒரு முறை நிரப்பிய பிறகு 46 சென்டிமீட்டர். அடுத்த வண்டி வருவதற்கு முந்தைய நாள் 18. இறங்கியது 28 சென்டிமீட்டர், அதாவது 560 லிட்டர். அதே இடைவெளியில் ஹவர் மீட்டர் ஓடியது 46.7 மணி. மணிக்குச் சரியாக 12 லிட்டர்.

டீசல் நிறுவனத்தைக் கேட்டோம். “செட் பழசாயிடுச்சு, இன்ஜெக்டர் பார்க்கணும்” என்று அவர்களுக்கு வேண்டிய ஒரு சர்வீஸ்காரர் எண்ணைக் கொடுத்தார்கள். பிறகு, “ராத்திரியில் யார் சாவி வைத்திருக்கிறார் என்று பாருங்கள்” என்றார்கள். நிர்வாக ஏஜெண்ட் அந்தப் பேச்சை அப்படியே நம்பி, காவலரை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பிவிட்டார்.

காவலரைக் காப்பாற்றியது அவர் எழுதிய நோட்டுதான். டீசல் காணாமல் போவதற்கு மூன்று வழிகள்தான் உண்டு, மூன்றையும் நோட்டில் பிரித்துப் பார்க்கலாம். திருட்டோ ஒழுக்கோ என்றால், ஜெனரேட்டர் நின்றபோது இருந்த சென்டிமீட்டர் அடுத்து ஓடத் தொடங்கும்போது குறைந்திருக்க வேண்டும். எங்கள் நோட்டில் ஒரு இரவில்கூடக் குறையவில்லை. இன்ஜின் கோளாறு என்றால், தந்த மின்சாரத்துக்கு டீசல் அதிகம் எரிந்திருக்க வேண்டும். அந்த 46.7 மணியில் 1,870 கிலோவாட்-மணி தந்திருக்கிறது, ஒரு யூனிட்டுக்கு 0.3 லிட்டர். பாதி லோடில் ஓடும் இந்த அளவு செட்டுக்கு அது சரியான அளவு. மிச்சம் இருப்பது ஒரே இடம்: வண்டியிலிருந்து தொட்டிக்கு இறங்கும் அந்த அரை மணி நேரம்.

நிரப்பும் நாள் பக்கத்தைப் புரட்டினால் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. ஊற்றும் முன் 14, ஊற்றிய பின் 46. ஏறியது 32 சென்டிமீட்டர், 640 லிட்டர். ரசீது 700. நான்கு முறையும் கிட்டத்தட்ட இதே வித்தியாசம், ஒரே பக்கமாக.

அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். “டீசல் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும்.” உண்மைதான். ஆனால் பத்து டிகிரி குறைந்தாலும் 700 லிட்டரில் ஆறு லிட்டர்தான் சுருங்கும், 60 அல்ல. குச்சி துல்லியமில்லை என்றார்கள். அதுவும் ஓரளவு சரி. அரை சென்டிமீட்டர் பிசகினாலே 10 லிட்டர். முன்னும் பின்னும் பார்ப்பதால் 20 லிட்டர் வரை வித்தியாசம் வந்தால் நாங்களே விட்டுவிடுவோம். ஒரு முறை குறைந்ததை வைத்துச் சண்டைக்கும் போகாதீர்கள். ஆனால் பார்ப்பதில் வரும் பிசகு ஒரு நாள் கூட்டும், ஒரு நாள் குறைக்கும். எப்போதும் 60 லிட்டர் குறைவாகவே காட்டாது.

அடுத்த முறை வண்டி வந்தபோது நானும் பொருளாளரும் போய் நின்றோம். எங்கள் தொட்டி கட்டிடத்துக்குப் பின்னால். வண்டி வாசலோரம் நிற்கும், மீட்டர் தெருப் பக்கம் இருக்கும். குழாய் முனையில் நிற்பவர் கண்ணுக்கு மீட்டர் தெரியவே தெரியாது. ஒருவர் மீட்டரிடம், ஒருவர் தொட்டியிடம் நின்றோம். பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று பார்த்தோம், சட்டமுறை அளவை முத்திரை உடையாமல் இருக்கிறதா என்றும் பார்த்தோம். ஊற்றி முடித்து நுரை அடங்கக் கால் மணி நேரம் பொறுத்துக் குச்சி விட்டால் 35 சென்டிமீட்டர் ஏறியிருந்தது. 700 லிட்டர், சொட்டுக் குறையவில்லை! அதற்கடுத்த முறை வேண்டுமென்றே யாரும் போகவில்லை. மறுபடி 32.

60 லிட்டர் வீதம் நான்கு முறை என்றால் எங்களுக்கு நஷ்டம் மாதம் 5,280 ராண்ட். நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியதும் ஒரு நடைக்கான பணத்தை மட்டும் கழித்துக் கொடுத்தார்கள், மற்றதற்குப் பதில் இல்லை. டீசல் நிறுவனத்தை மாற்றிவிட்டோம். ஏஜெண்ட் காவலரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்கும்வரை நாங்கள் விடவில்லை.

அதே நோட்டை வைத்துத்தான் பிறகு எப்போது ஆர்டர் செய்வது என்றும் பார்த்தோம். நாளுக்கு ஏழு மணி என்றால் 85 லிட்டர். சொல்லி இரண்டு நாளில் வண்டி வரும், அதற்கு 170. வண்டி தாமதித்தால் என்று இன்னொரு நாளுக்கு 85. அடியில் உள்ள 5 சென்டிமீட்டர், 100 லிட்டரை, இல்லாததாகவே வைத்துக்கொண்டோம். தண்ணீரும் கசடும் அங்கேதான் தங்கும், அதற்குக் கீழே போனால் லைனில் காற்றுப் புகுந்து செட் நின்றுவிடும். மொத்தம் 355 லிட்டர், குச்சியில் 18 சென்டிமீட்டர். அங்கே சிவப்புக் கோடு போட்டோம், ஸ்டேஜ் மாறினால் கோடும் மாறும். முன்பு பயத்தில் அவசர ஆர்டர் போடுவோம், அந்த அவசர வண்டிகள் இரவில் வரும், மீட்டர் பக்கம் யாரும் நிற்க மாட்டார்கள்.

அந்த டீசல் நிறுவனத்தின் வண்டி இன்னும் இந்தப் பக்கத்துக் காம்ப்ளெக்ஸ்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் ஜெனரேட்டர் அறையில் நோட்டு இல்லையென்றால், அடுத்த வண்டிக்கு முன்னும் பின்னுமாவது குச்சி விட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், காவலரைக் கூப்பிட்டு விசாரிக்கும் முன் ரசீதுகளை எடுத்து வையுங்கள்.