வரிசை மாற்றமா, சேர்வா?

10 பேரில் 3 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் என்றால் அது வரிசை மாற்றம், 10P3 = 10 × 9 × 8 = 720 வழிகள். வெறும் மூவர் குழு என்றால் அது சேர்வு, 10C3 = 120 தான்.

எது எதற்கு என்று பார்க்க, ஒரு விடையை எழுதி அதில் இருவரை இடம் மாற்றுங்கள். க, ங, ச என்பதை ங, க, ச ஆக்கினால் தலைவர் மாறிவிடுகிறார். அது புது விடை, எனவே வரிசை மாற்றம். குழுவிலோ அதே மூவர்தான். ஒவ்வொரு குழுவும் 3! = 6 முறை எண்ணப்பட்டிருப்பதால் 720-ஐ 6-ஆல் வகுக்கிறோம்.

வினாவில் இருக்கும் ‘தேர்ந்தெடு’ என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள், அது இரண்டிலுமே வரும்.

பலர் சறுக்குவது கலப்புக் கணக்கில்தான். நால்வர் குழு, அதில் ஒருவர் தலைவர். 10P4 போட்டால் 5040 வரும். ஆனால் மற்ற மூவரை இடம் மாற்றினால் எதுவும் மாறாதே! சரி, முதலில் தலைவர், அதற்கு 10 வழி. அப்புறம் மீதி 9 பேரில் மூவர், 9C3 = 84. பெருக்கினால் 840. குழுவை முதலில் எடுத்தாலும் 10C4 × 4 = 210 × 4, அதே 840.