அஞ்சாம் நம்பர் கிட்டா, தனித்தனியாகவா? லெதர் பாலுக்கு மாறும் பிள்ளைக்கு ஹெல்மெட், கார்டு, கிளவுஸ், கால் பேட் வாங்குவது

டென்னிஸ் பாலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பிள்ளையை லெதர் பால் பிரிவுக்கு மாற்றச் சொன்னதும் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போகிறோம். அங்கே முதலில் எடுத்து வைப்பது கிட் செட். மட்டையின் எண்ணை வைத்துத்தான் அதை விற்கிறார்கள்: நாலாம் நம்பர் கிட், அஞ்சாம் நம்பர் கிட் என்று. ஒரே பையில் எல்லாம் அடங்கிவிடும், விலையும் குறைவு. ஆனால் மட்டை எண் உயரத்தைப் பார்த்து முடிவாவது. ஒரே உயரமுள்ள இரண்டு பிள்ளைகளுக்குத் தலைச் சுற்றளவும் கை நீளமும் ஒன்றாக இருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வயது 11, உயரம் 147 செ.மீ., வலக்கை ஆட்டம். உயரப்படி அஞ்சாம் நம்பர் மட்டை. புருவத்துக்குச் சற்று மேலே நாடாவைச் சுற்றினால் தலை 53 செ.மீ. மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை 16 செ.மீ. முழங்கால் சில்லின் நடுவிலிருந்து ஷூ லேஸ் முடியும் மேற்பாதம்வரை 34 செ.மீ. இந்த மூன்று அளவையும் வீட்டிலேயே எடுத்துக் காகிதத்தில் குறித்துக்கொண்டு போனால் கடையில் பாதி விவாதம் குறையும். கம்பெனிக்குக் கம்பெனி 'பாய்ஸ்', 'யூத்' என்ற பெயர்களின் அளவு மாறும். செ.மீ. மாறாது.

ஹெல்மெட்: இங்கே செட்டை நம்ப வேண்டாம்

முதலில் உள்பக்க லேபிள். பி.எஸ். 7928:2013 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். இது பிரிட்டிஷ் தரநிலை. மேல்விளிம்புக்கும் கிரில்லுக்கும் நடுவே பந்து புகுந்து முகத்தில் அடிக்கிறதா, கிரில்லே வளைந்து முகத்தைத் தொடுகிறதா என்று பந்தை எறிந்து பார்க்கும் சோதனை இந்தப் பதிப்பில்தான் வந்தது. லேபிள் இல்லாத ஹெல்மெட் உடைந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இடைவெளியை யாரும் சோதித்ததற்கான சான்று கையில் இல்லை. மலிவான செட்டுகளில் வரும் ஹெல்மெட்டில் முதலில் தேட வேண்டியது இதைத்தான்.

லேபிளில் இன்னொரு வரியைப் பலர் படிப்பதே இல்லை: எந்தப் பந்துக்குச் சோதிக்கப்பட்டது என்பது. பெரியவர்கள் பந்து 156 முதல் 163 கிராம், சுற்றளவு 22.4 முதல் 22.9 செ.மீ. ஜூனியர் பந்து 133 முதல் 144 கிராம், சுற்றளவு 20.5 முதல் 22 செ.மீ. ஜூனியர் பந்து எடை குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு என்று தோன்றும். ஆனால் அது சிறியது. பெரிய பந்து முட்டி நின்றுவிடும் இடைவெளியில் சிறிய பந்து நுழைய இடமுண்டு. அதனால் பெரியவர்கள் பந்துக்கு மட்டும் சோதித்த ஹெல்மெட் ஜூனியர் பந்துக்குத் தானாகப் பொருந்தாது. மறுபக்கம், ஜூனியர் பந்துக்கு மட்டும் சோதித்ததைப் போட்டுக்கொண்டு 156 கிராம் பந்தை எதிர்கொள்வதும் சரியில்லை. நம் ஊரில் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே பெரிய பந்தைக் கொடுக்கும் அகாடமிகள் உண்டு. கோச்சிடம் 'எத்தனை கிராம் பந்து சார்?' என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். இரண்டு பந்திலும் ஆடுகிறான் என்றால் லேபிளில் இரண்டும் இருக்க வேண்டும்.

ஸ்டீல் கிரில்லா, டைட்டானியம் கிரில்லா? டைட்டானியம் எடை குறைவு, விலை மிக அதிகம். ஒரே தரநிலையில் தேறிய இரண்டில் ஒன்று கூடுதல் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். ஒன்றிரண்டு வருடத்தில் சின்னதாகப் போகும் ஹெல்மெட்டுக்கு ஸ்டீலே போதும்.

பின்பக்கம் திருகும் டயல் உள்ளதா, வெறும் ஸ்பாஞ்ச் வைத்ததா என்றால் டயல் வைத்தது நல்லது, ஒரு வருட வளர்ச்சியைத் தாங்கும். ஆனால் டயல் இருக்கிறதே என்று இரண்டு அளவு பெரிதாக எடுக்கக் கூடாது. 54–57 என்று எழுதிய ஹெல்மெட்டை நம் 53 செ.மீ. தலையில் டயலால் இறுக்கினால் நெற்றியும் பின்மண்டையும் பிடிக்கும். காதுப்பக்கம் காலியாகவே இருக்கும். பிள்ளை குனிந்து ஸ்டான்ஸ் எடுத்ததும் முன்விளிம்பு கண்ணுக்கு இறங்கும். பந்து தெரியாததால் மோவாயைத் தூக்குவான், அல்லது கிளவுஸால் ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளிவிடுவான். ஓவருக்கு இரண்டு தடவை ஹெல்மெட்டைத் தொடும் பிள்ளைக்கு அது கெட்ட பழக்கம் இல்லை, ஹெல்மெட் பெரிது.

கடையில் மோவாய்ப் பட்டையை மாட்டாமல் தலையை இடவலமாக ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும். பிறகு பட்டையை மாட்டி, ஒரு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கி, மட்டையோடு ஸ்டான்ஸ் எடுக்க வைத்துப் பாருங்கள். விளிம்புக்கும் கிரில்லின் மேல் கம்பிக்கும் நடுவே கண் தெரிய வேண்டும். கண்ணாடி போடும் பிள்ளையென்றால் கண்ணாடியோடுதான் இந்தச் சோதனை. பார்வை மறைக்கிறது என்று ஸ்க்ரூவைத் தளர்த்திக் கிரில்லைக் கீழே இறக்கித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சோதனையில் தேறியது கம்பெனி வைத்த இடைவெளிதான். வேறு மாடலின் கிரில்லை மாட்டினாலும் இதே கதைதான்.

2014 நவம்பரில் சிட்னியில் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் பில் ஹியூஸுக்குப் பந்தில் அடிபட்டது ஹெல்மெட்டுக்குக் கீழே, கழுத்தில். அதன்பின் வந்ததுதான் பின்பக்கம் மாட்டும் கழுத்துக் காப்பு. வாங்குவதானால் அதே கம்பெனி அந்த மாடலுக்கென்று செய்ததை வாங்குங்கள்.

அண்ணன் போட்ட பழைய ஹெல்மெட்டைத் தம்பிக்குத் தருவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பலமான அடி ஒன்று பட்டிருந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் நசுங்கியிருக்கும், வெளியே கீறல்கூடத் தெரியாது. அடிபட்டதா என்று அண்ணனுக்கு நினைவில்லை என்றால் அதைக் கொடுக்க வேண்டாம்.

கார்டு: விலை சில நூறு, தவறு செய்ய எளிது

அந்தரங்க உறுப்பைக் காக்கும் அப்டமன் கார்டைப் போட மூன்று வழிகள் இருக்கின்றன: கார்டை அப்படியே ஜட்டிக்குள் செருகுவது, எலாஸ்டிக் சப்போர்ட்டரில் வைப்பது, கார்டுக்கெனப் பை தைத்த இறுக்கமான கம்ப்ரஷன் ஷார்ட்ஸ். முதலாவதை எண்ணிக்கையிலேயே சேர்க்க வேண்டாம். ஓடும்போது கார்டு பக்கவாட்டில் நகரும். நகர்ந்த கார்டின் விளிம்பில் பந்து பட்டால் அந்த விளிம்பே காயப்படுத்தும்.

சப்போர்ட்டர் மலிவு, காற்றோட்டம் நன்று. ஆனால் மெலிந்த பிள்ளையின் இடுப்பில் எலாஸ்டிக் சுருண்டு இறங்கும். நம் பிள்ளையைப் போன்றவர்களுக்கு ஷார்ட்ஸே தேவலை, வெயிலில் கசகசக்கும் என்பது ஒன்றுதான் குறை. இரண்டு வாங்கினால் துவைத்துப் போடலாம். எதுவானாலும் கார்டின் குறுகிய முனை கீழே, ரப்பர் விளிம்பு சுற்றிலும் உடலோடு ஒட்டி இருக்க வேண்டும். கடையில் ஷார்ட்ஸ் மேலேயே வைத்து உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். தொடையை இடித்தால் அது பெரியவர் அளவு. ரப்பர் உரிந்ததும் பிளாஸ்டிக்கில் விரிசல் விட்டதும் தூக்கிப்போட வேண்டியவை, விரிசல் தோலைக் கவ்வும். பெண் பிள்ளைகளுக்குத் தட்டையான வடிவில் தனி கார்டு உண்டு. பையன்களுடையதைச் சின்ன அளவில் வாங்கினால் சரியாக உட்காராது.

கிளவுஸ்

அஞ்சாம் நம்பர் செட்டில் சில நேரம் யூத் அளவு கிளவுஸ் வரும், 'அடுத்த வருடமும் ஆகும்' என்ற சமாதானத்தோடு. 16 செ.மீ. கைக்குப் பெரும்பாலான கம்பெனிகளில் பாய்ஸ் அளவுதான் சரி. விரல் நுனிக்கு அப்பால் அரை செ.மீ. காலி இருக்கலாம். அதற்கு மேல் போனால் வெறும் துணி கைப்பிடியில் மடங்கும், பிடி சுழலும், பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடிப்பான். அதைவிட முக்கியமானது, விரல் மூட்டும் வெளியே உள்ள தடுப்பு உருளையும் இடம் மாறிவிடும். மூட்டுக்கு நேரே உருளைகளுக்கு இடையிலான மடிப்பு வந்தால் அடி நேராக எலும்பில் விழும். சின்னதாக இருப்பதும் தவறு, விரல் நுனி மட்டையில் அழுந்தும்.

இடக்கை ஆட்டக்காரருக்கு இடக்கை கிளவுஸ்தான். கீழ்க்கையின் முதல் இரண்டு விரல்கள்தான் பந்துக்கும் கைப்பிடிக்கும் நடுவே நசுங்குகின்றன. அங்கேதான் கூடுதல் தடுப்பு வைத்திருப்பார்கள். மாற்றிப் போட்டால் அந்தத் தடுப்பு மேல்கைக்குப் போய்விடும்.

உள்ளங்கை தோலா, துணியா? மெல்லிய தோலில் பிடி நன்றாக இருக்கும். ஆனால் வியர்வையில் ஊறி, பைக்குள்ளேயே கிடந்து காய்ந்தால் அட்டைபோல விறைத்துவிடும். சென்னை போன்ற ஈர வெக்கையில் ஒரு விலையுயர்ந்த ஜோடியைவிட நடுத்தர ஜோடி இரண்டும் உள்ளே பருத்தி இன்னர் இரண்டும் மேல். ஆடி முடித்ததும் நிழலில் விரித்துக் காயவிட வேண்டும்.

கால் பேட்

நான்கில் கொஞ்சம் பெரிதாக வாங்கினால் உயிருக்கு மோசமில்லாதது இதுதான். இருந்தாலும் அளவு ஒன்று உண்டு. முழங்காலுக்கு நேரே குறுக்காக மூன்று உருளைகள் இருக்கும், நடு உருளை சில்லின் மேல் உட்கார வேண்டும். ஒரு விரல் அகலம் மேலே போனால் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் முழங்கால் உருளைக்குக் கீழே நெடுக்குப் பட்டைகளில் வந்து மாட்டிக்கொள்ளும். பேட் மடங்காது, முன்காலை நீட்டி டிரைவ் ஆடும்போது மேல்முனை தொடையை முட்டும், ரன் ஓடும்போது தடுக்கும். ஷூ போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும், வெறுங்காலில் பார்த்த பேட் மைதானத்தில் உயர்ந்துவிடும்.

பிரம்பு வைத்த பழைய பாணி பேட் அடியை நன்றாக வாங்கும், எடை கூடுதல். ஃபோம் அடைத்தது இலகு, காலை ஒட்டி நிற்கும். 11 வயதுக் காலுக்கு ஃபோம் பேட்டே என் தேர்வு. முழங்கால் உருளைக்குப் பின்னால் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உடனே அடிவரை அமுங்கினால் அது வெறும் ஸ்பாஞ்ச். பட்டைகளின் நுனி காலின் வெளிப்பக்கமாக முடிய வேண்டும். உள்பக்கம் வந்தால் ஓடும்போது வெல்க்ரோ ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். நீளும் மிச்சத்தை வெட்டிவிடலாம்.

இந்தப் பிள்ளைக்குக் கணக்கு இப்படி வரும்: செட்டிலிருந்து பேட், மட்டை, பை ஆகியவை அளவு சரியென்றால் ஏற்கலாம். ஹெல்மெட்டையும் கார்டையும் தனியாக வாங்க வேண்டும். கிளவுஸை மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். எதையும் மாற்ற முடியாது என்றால் செட்டின் விலையில் மிஞ்சுவது அதிகமில்லை. பணம் பற்றாவிட்டால் பேட்டில் குறைக்கலாம், கழுவித் துடைத்த பழைய பேட் தாராளமாகப் போதும்.

பெரிய விடுமுறைக்குப் பின் திரும்பவும் நாடாவை எடுங்கள். ஹெல்மெட்டில் டயல் முழுதும் தளர்ந்தும் நெற்றியில் சிவப்புக் கோடு விழுந்தால் அடுத்த அளவு. நடுவே தலையில் பந்து பட்டால் அன்றைக்கு ஆட்டம் நிறுத்தம், பிள்ளை மருத்துவரிடம் போகட்டும். அந்த ஹெல்மெட் பார்க்க நன்றாக இருந்தாலும் பைக்குள் திரும்பப் போகக் கூடாது.