கணு வீங்கிய விரலுக்கு மோதிரம்: அடியில் குண்டு வைத்ததை வருடக்கணக்கில் போட்டுப் பார்த்ததில்

வாதம் வந்த கையில் மோதிரம் இரண்டு விதமாகத் தொல்லை கொடுக்கும். கணுவைத் தாண்டி உள்ளே போகாது. தாண்டுகிற அளவுக்குப் பெரிதாகச் செய்தால், விரலின் அடியில் தொளதொளவென்று சுற்றி, கல் உள்ளங்கைப் பக்கம் திரும்பிவிடும். கொங்குப் பக்கத்தில் இதற்கு எல்லார் வீட்டிலும் ஒரே வைத்தியம்தான்: வளையத்தின் அடியில் நூல் சுற்றுவது. சில நாள் கச்சிதமாக நிற்கும். பிறகு நூல் எண்ணெயும் சோப்பும் குடித்து, ஈரம் காயாமல், அடியில் தோல் வெளுத்து அரிக்கும். நூலை அவிழ்த்ததும் மோதிரம் மறுபடி ஆடும்.

நூலுக்குப் பதிலாக அதே இடத்தில் தங்கத்திலேயே இரண்டு சிறு குண்டு வைப்பதுதான் நீண்ட நாளில் தாக்குப்பிடித்த வழி. ஆனால் எல்லாக் கைக்கும் இது பொருந்தாது. முதலில் வீக்கம் எந்த வகை என்று தெரிய வேண்டும்.

நடுக்கணுவை அழுத்திப் பாருங்கள். கல்லுபோல் கெட்டியாக, பக்கவாட்டில் புடைத்திருந்தால் அது தேய்மான வாதம். எலும்பு வளர்ந்த புடைப்பு என்பதால் அளவு நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. மெத்தென்று பஞ்சுபோல் அமுங்கி, காலையில் விரலை மடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அது முடக்குவாத வகை வீக்கம். அந்தக் கணு ஏறி இறங்கும். வீக்கம் ஏறியிருக்கும்போது பற்றவைத்த குண்டு, இறங்கியபின் பொருந்தாது. இறங்கியிருக்கும்போது வைத்தால் ஏறும் நாளில் மோதிரம் கழலாது. அந்தக் கைக்குத் திறந்து மூடும் கீல் மோதிரம்தான், அல்லது வீக்கம் அடங்கும்வரை மோதிரமே வேண்டாம்.

இனி அளவு. நம் நகைக்கடையில் சொல்லும் சைஸ் எண்ணோடு 40 கூட்டினால், வளையத்தின் உள்சுற்று ஏறக்குறைய மில்லிமீட்டரில் வரும். 12 என்றால் சுமார் 52 மி.மீ. அதாவது ஒரு சைஸ் ஏற்றினால் சுற்றில் 1 மி.மீ கூடும். இது தெரிந்தால் ஆசாரியிடம் பேசுவது சுலபம்.

நூலாலும் காகிதத்தாலும் அளப்பது கணுவுக்கு உதவாது, மோதிரத்தைப் போல் இறுக்கமாக உரசித் தாண்ட அவற்றுக்குத் தெரியாது. கடையில் சைஸ் பார்க்கும் வளையக் கொத்தையே போட்டுப் பாருங்கள். அதில் இருக்கும் வளையம் மெல்லியது. நீங்கள் செய்யப்போவது 6 மி.மீ அகலமான நெளி மோதிரம் என்றால் ஒன்றோ இரண்டோ சைஸ் கூட்ட வேண்டும். அகலம் கூடக்கூட உரசலும் கூடும். கணு வீங்கிய கைக்கு 2.5 முதல் 3 மி.மீ அகலம் போதும், உள்விளிம்பு மழுங்கலாக இருக்கட்டும்.

அளக்கிற நேரமும் முக்கியம். கணுவை, அது அதிகம் வீங்கியிருக்கிற நேரத்தில் அளக்க வேண்டும். விரல் அடியை, கை குளிர்ந்து சுருங்கியிருக்கிற மார்கழிக் காலையிலோ ஈரக்கையிலோ ஒருமுறை அளந்தால், மோதிரம் எவ்வளவு தொளதொளக்கும் என்பது தெரியும். அந்த இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும்.

ஒரு கையை எடுத்துக்கொள்வோம். கெட்டிப்புடைப்பு, மோதிர விரல். கணு அகலம் 19.5 மி.மீ, கனம் 16.8. விரல் அடியில் அகலம் 17.4, கனம் 16.3. பாருங்கள், அகலத்தில்தான் பெரிய வித்தியாசம். மேல்கீழ்க் கனத்தில் அரை மி.மீதான். வளையக் கொத்தில் 17 சிக்கியது, 18 கொஞ்சம் திருகினால் தாண்டியது. அடியில் 14 சுகமாக நின்றது. வித்தியாசம் 4 சைஸ்.

18 சைஸின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. அது விரலடியில் உட்கார்ந்தால் பக்கவாட்டில் 1 மி.மீதான் இடைவெளி, மேல்கீழில் 2 மி.மீக்கு மேல். தொளதொளப்பு எல்லாம் அந்த மேல்கீழ் இடத்தில்தான். அதனால் நிரப்ப வேண்டியது அடிப்பக்கம், சுற்றிவர அல்ல. கடிகார முகப்பை வளையமாக நினைத்தால், கல் 12-இல் இருக்கும்போது குண்டுகள் 5-லும் 7-லும் வர வேண்டும். உயரம் 1 முதல் 1.2 மி.மீ, அரைக்கோள வடிவம், மெருகு ஏற்றியது. சரியாக 6-இல் ஒரே குண்டு வைக்கிற பட்டறைகள் உண்டு, அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். விரலின் நடுவில் அது குத்தும், மோதிரமும் தராசுபோல் அங்கிட்டும் இங்கிட்டும் ஆடும். இரண்டாக இருந்தால் நடுவில் சதை அமர்ந்து, சுழல்வதும் நிற்கும்.

இதோடு வளையத்தின் அடியை லேசாகத் தட்டையாக்கி, இரு மூலைகளையும் மழுங்கலாக விட்டால் இன்னும் நல்லது. மேலே கல் கனமாக இருக்கும் மோதிரத்துக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். வட்ட அடியில் கனம் எப்போதும் கீழேதான் உருளப் பார்க்கும்.

பட்டறையில் இப்படிச் சொல்லுங்கள்: “ஏனுங்க, கணு தாண்டுற அளவுக்கு வளையத்தைப் பெருசு பண்ணுங்க, அடியில ரெண்டு பக்கமும் குண்டு வைங்க. தட்டிப் பெருசு பண்ணாம துண்டு வெச்சுப் பத்தவைங்க.” 14-ஐ 18 ஆக்கத் தட்டி நீட்டினால் கம்பி மெலிந்து நாளைக்கு வளையும். 4 மி.மீ துண்டு சேர்த்தால், 2.5 மி.மீ அகலம், 1.5 மி.மீ கனக் கம்பிக்குக் கால் கிராம் அளவில்தான் தங்கம் கூடும். குண்டு இரண்டுக்கும் அதில் பாதி. வெட்டும் இடம் ஹால்மார்க் முத்திரை மேலே படாமல் இருக்கட்டும். முழுச்சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தில் இந்த வேலை எதுவும் நடக்காது.

குண்டைப் பற்றவைக்கும் முன், உள்ளே ஒட்டும் நெகிழி அட்டையை அதே இடத்தில் ஒட்டிப் பத்து நாள் போட்டுப் பாருங்கள். குண்டும் கணுவைத் தாண்டித்தானே உள்ளே போக வேண்டும்! அட்டையோடு தாண்டவில்லை என்றால், வளையத்தை இன்னும் ஒரு சைஸ் ஏற்ற வேண்டும். போடும்போது நேராகத் தள்ளாமல், சாய்த்து ஒரு பக்கப் புடைப்பை முதலில் தாண்டி, பிறகு மறுபக்கத்தைத் தாண்ட வையுங்கள்.

கல்லின் அடிப்பக்கம் திறந்திருக்கும் ராசிக்கல் மோதிரம் போடுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் லாபம்: குண்டு விரலை மேலே தள்ளுவதால் கல் தோலில் நன்றாகவே படும்.

வருடங்கள் போனபின் 22 காரட் குண்டு பெரிதாகத் தேயவில்லை. ஆனால் அதன் பின்னால் சோப்பும் மாவும் அடையும். வாரம் ஒருமுறை பல் துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். தோலில் இரண்டு குழி தெரிவது சகஜம், கழற்றியதும் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். மாலைவரை மறையாவிட்டால் குண்டு உயரம், அரத்தில் தேய்த்துக் குறைக்கச் சொல்லுங்கள்.

வித்தியாசம் 5 சைஸுக்கு மேல் போனால் குண்டு கைகொடுக்காது. அப்போது கீல் மோதிரம். இதில் இரண்டு எச்சரிக்கை. 22 காரட் மெத்தென்ற தங்கம், கீலும் கொக்கியும் சீக்கிரம் தளரும். அந்தப் பாகத்தை 18 காரட்டில் செய்யச் சொல்லுங்கள். அடுத்தது, கொக்கியை மறு கைதானே திறக்க வேண்டும்? கட்டைவிரலிலும் வாதம் இருப்பவருக்கு அந்தச் சிறு கொக்கி பெரும் பாடு. கடையிலேயே யார் உதவியும் இல்லாமல் மூன்று முறை திறந்து மூடிப் பார்க்கட்டும். வாய் திறந்த மோதிரத்தை அழுத்தி விரித்துப் போடுகிற வழக்கம் நீடிக்காது. தினமும் வளைபடும் தங்கம் கெட்டிப்பட்டு ஒருநாள் விரிசல் விடும், அதற்குள் சேலை நூலையும் இழுக்கும்.

கழலாமல் போனால் கையைத் தலைக்கு மேல் சில நிமிடம் உயர்த்தி வைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, கணுத்தோலைப் பின்னால் இழுத்துப் பிடித்துத் திருகுங்கள். விரல் நீலம் பாய்ந்து மரத்துப்போனால் எண்ணெயோடு போராடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் வெட்டச் சொல்லுங்கள். தங்கம் எளிதில் அறுபடும், பிறகு ஆசாரி சேர்த்துக் கொடுப்பார்.